எரிச்சலுக்குள் இருந்தது

பதினாறு வயதுப் பையனின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளியே வருவதில்லை, எரிச்சலாக வருகிறது. சோறு கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் தட்டைத் தள்ளுவான். தங்கச்சி பேனாவை எடுத்தால் கத்துவான். கதவைச் சாத்தும் வேகத்தில் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு அது திமிராகத்தான் தெரியும். ஆனால் மனநல மருத்துவர்கள் மனச்சோர்வை அடையாளம் காண வைத்திருக்கும் வரையறையில், பெரியவர்களுக்குச் சோகமான மனநிலை என்று இருக்கும் இடத்தில், சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் எரிச்சலான மனநிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்ப்பதால் இது எனக்குப் பாடமாகத் தெரியும். போன வருஷம் பாபநாசம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே அதைப் பார்க்க வேண்டி வந்தது.

எரிச்சல்படுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் மனச்சோர்வு இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் போதாது, பசி, நண்பனோடு சண்டை, அவ்வளவுதான். எது சாதாரணம், எது அதைத் தாண்டியது என்று, அவன் தலைக்கு மேலே நின்றுகொண்டே இருக்காமல் எப்படிக் கண்டுகொள்வது? அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

என் மகன் பத்தாவது வரை ஊருக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான். நல்ல மதிப்பெண். பிளஸ் ஒன்னுக்குக் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில், ஆங்கில வழியில், உயிரியல் பிரிவில் சேர்ந்தான். காலை ஆறு நாற்பதுக்குப் பள்ளி வேன் மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப ஏழு மணி. அப்புறம் டியூஷன், வீட்டுப்பாடம். படுக்க பன்னிரண்டு, எழுந்திருக்க ஐந்தரை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்குவான். "இந்த வயசுல என்னடா இவ்ளோ சோம்பேறித்தனம்" என்று அப்பாயி அலுத்துக்கொள்வார்.

பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே நகர்ந்துவிடுகிறது. தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, சிறுவயதில் வந்ததைவிட ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தாமதமாக வருகிறது. அதனால் ஒன்பதரைக்குப் படுக்கச் சொன்னாலும் பையன் புரண்டுகொண்டுதான் கிடப்பான். ஆனால் அவனுக்குத் தேவையான தூக்கம் எட்டிலிருந்து பத்து மணி நேரம். அவனுக்குக் கிடைத்தது ஐந்தரை. வாரத்தில் ஆறு நாள் இப்படிக் கடன் ஏறினால் எந்த மனிதருக்கும் பேச்சு சுருக்கென்றுதான் வரும். ஞாயிறு பதினோரு மணி வரை தூங்கினால் கடன் கொஞ்சம் அடையும், ஆனால் கடிகாரம் இன்னும் பின்னால் போகும். அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை காலை வீட்டில் போர்.

ஆகஸ்டில் நாங்கள் முதலில் கை வைத்தது இதில்தான். அவனுடைய குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டியூஷனை நிறுத்தினோம். வேனிலிருந்து இறங்கியதும் டிபன் என்று நொறுக்குத் தீனி தராமல் ஏழேகாலுக்கே சோறு போட்டேன். வீட்டில் எல்லாருடைய போனும், என் கணவருடையதும் என்னுடையதும் சேர்த்து, பத்து மணிக்குக் கூடத்தில் இருக்கும் சார்ஜருக்குப் போய்விடும். அவனுக்கு மட்டும் அந்த விதி இருந்திருந்தால் அது தண்டனை. எல்லாருக்கும் இருந்ததால் வீட்டுப் பழக்கம். பத்தேகாலுக்கு விளக்கு அணையும். முதல் நாள் இரவே பையும் சீருடையும் எடுத்துவைத்ததில் காலையில் ஐந்தே முக்கால் வரை தூங்க முடிந்தது. ஞாயிறு எட்டு மணிக்கு எழுப்பி, மதியம் அரை மணி தூங்க விட்டோம். ஏழரை மணி நேரம் வந்தது. எட்டு வரவில்லை, அந்த வேன் இருக்கும்வரை வராது. ஆனால் தங்கச்சியோடு சண்டை கண்கூடாகக் குறைந்தது. உங்கள் வீட்டிலும் எரிச்சல் இருந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தூக்கம் சரியாகி, எரிச்சலும் அடங்கினால் அதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் முழுசாக அடங்கவில்லை.

என் கணவருக்கு விவசாயம்தான். தினமும் விடியும்போது வரப்பில் ஒரு நடை போய்வருவார். வயலுக்குள் இறங்கமாட்டார். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, இலை நுனி மஞ்சளாகிறதா, எந்த மூலையில் பயிர் குட்டையாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார். தினம் பார்ப்பதால்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றம் தெரியும் என்பார். நானும் அப்படித்தான் பார்க்க முடிவு செய்தேன். அவன் அறைக்குள் போவதில்லை, போனைத் திறப்பதில்லை, நோட்டைப் புரட்டுவதில்லை. கூடத்திலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தெரிகிற நாலு விஷயம் போதும்: தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், அவன் தானாக ஆசைப்பட்டுச் செய்கிற ஏதாவது ஒன்று. எங்கள் பையனுக்கு அந்த ஒன்று வாலிபால். கோயில் திடலில் விடுமுறை நாள் சாயங்காலம் கட்டாயம் ஆட்டம் உண்டு.

பார்ப்பது ஒரு பாதி. பேச்சுக்கு வழி திறந்து வைப்பது மறுபாதி. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெரு வரை குடமுருட்டிக் கரையோரம் இரண்டு கிலோமீட்டர். என் வேலை நேரம் ஒத்துவரும் நாளில் ஸ்கூட்டியில் போய் அவனை அழைத்து வருவேன். அவன் பின்னால் உட்கார்ந்திருப்பான், என் முகம் அவனுக்குத் தெரியாது, அவன் முகம் எனக்குத் தெரியாது. எதிரெதிரே உட்கார்ந்து "சொல்லு, என்ன பிரச்சினை உனக்கு?" என்றால் வாய் மூடிக்கொள்கிற பிள்ளைகள், இப்படிப் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும்போது தானாகப் பேசுவார்கள். வண்டியில் நான் கேள்வியே கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கு டெஸ்ட் எப்படி, மார்க் எவ்வளவு, எதுவும் இல்லை. என் பக்கத்துச் செய்தி ஒன்று சொல்வேன். வார்டில் ஒரு தாத்தா ஊசி போடவிடாமல் அடம்பிடித்தது, சாலையில் நாற்று ஏற்றிப்போன வண்டி சாய்ந்தது, இப்படி. பல நாள் பின்னாலிருந்து "ம்" மட்டும் வரும். அதற்கும் மேலே இழுக்காமல் வண்டியை ஓட்டுவதுதான் இதில் கஷ்டமான பகுதி.

அறிவுரை ஏன் உள்ளே போவதில்லை என்பதற்கு 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு உதவியது. பதின்வயதுப் பிள்ளைகளை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவரவர் அம்மா குறை சொல்லிப் பேசிய 30 நொடிப் பதிவைக் கேட்கவைத்தார்கள். கொதிக்கும் உணர்ச்சிக்கான பகுதிகளில் வேலை கூடியது. அந்த உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலும், எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்கும் பகுதிகளிலும் வேலை குறைந்தது. நாம் அக்கறையில்தான் பேசுகிறோம். ஆனால் அந்த அக்கறையைப் புரிந்துகொள்ள வேண்டிய இடமே அந்த நேரத்தில் அமுங்கிக் கிடக்கிறது. ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியே தீரவேண்டும் என்றால் அவன் குளித்துச் சாப்பிட்டு அமைதியான பிறகு, இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிடலாம். மூன்றாவது வாக்கியத்தில்தான் பொதுவாக "நாங்கள்ளாம் அந்தக் காலத்துல" வந்துவிடும்.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. வீட்டில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக நெருக்கின. அப்போதுதான் நாலு விஷயமும் மாற ஆரம்பித்தன. பத்தேகாலுக்குப் படுத்தாலும் மூன்று மணிக்கு எழுந்து கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருப்பான். ராத்திரிச் சோற்றில் பாதி அப்படியே இருக்கும். வாலிபால் நின்றுபோனது. ஆனால் அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் திடலில் யாருமே ஆடமாட்டார்கள், அதனால் ஆட்டம் நின்றதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எனக்கு உறைத்தது இன்னொன்று. மழை நாளில் பையன்கள் சமுதாயக் கூடத்தில் கேரம் ஆடுவார்கள். அவனைக் கூப்பிட வாசலுக்கு வந்தார்கள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டான். அடுத்த முறையும் அப்படியே. அப்புறம் அவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆட முடியாமல் போவது வேறு, கூப்பிட வந்தவனைத் திருப்பி அனுப்புவது வேறு.

இரண்டு வாரம் என்பது மருத்துவத்தில் ஒரு எல்லை. மனநிலை மாற்றத்தோடு தூக்கம், பசி, ஆர்வம், கவனம், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் பல சேர்ந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்துப் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ பாதித்தால் அதை வயசுக் கோளாறு என்று விடக்கூடாது. தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுக்கப் போகலாம் என்றபோது "எனக்கெல்லாம் எதுக்கு வேஸ்ட்டா" என்றான். அதில் கோபம் இல்லை. சலிப்புகூட இல்லை. அதைக் கேட்டதும் இனிக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் கரையில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். பார்த்ததை மட்டும் சொன்னேன், அதற்குப் பெயர் வைக்கவில்லை. "தம்பி, கொஞ்ச நாளா மூணு மணிக்கு எழுந்திரிக்கிற. ராத்திரி சரியா சாப்பிடலை. பசங்க வந்தாலும் போகலை. என்னமோ உனக்குப் பாரமா இருக்குன்னு தோணுது." அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் வந்தது. ஜூன் மாதத்திலிருந்தே இயற்பியலும் வேதியியலும் வகுப்பில் ஒரு வார்த்தை புரியவில்லை. மற்ற பிள்ளைகள் ஆங்கில வழியிலிருந்தே வந்தவர்கள். கேள்வி கேட்டால் சிரிக்கிறார்கள். பத்தாவதில் வாங்கிய மார்க்கே தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று தோன்றுகிறது. "நான் எதுக்கும் லாயக்கில்லம்மா."

இந்த இடத்தில் "அப்படியெல்லாம் இல்லடா, நீ புத்திசாலி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "ஜூன்லேர்ந்து புரியாம, தினமும் அங்க உக்காந்துட்டு வந்திருக்க" என்று அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அழுதான். அதற்குப் பிறகு நேரடியாகக் கேட்டேன்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்கப் பெற்றோருக்கு நடுக்கம் வரும், கேட்டு நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று. அப்படி நடப்பதில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உள்ளே வைத்துக்கொண்டு தவிக்கிற பிள்ளைக்கு அது ஒரு விடுதலை. அவன் சொன்னான்: "காலைல முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு சில நாள் தோணும்." அடுத்ததையும் கேட்டேன், எப்படி என்று யோசித்திருக்கிறானா. "இல்லம்மா." இருக்கிறது என்றிருந்தால் அன்றிரவே, அவனைத் தனியே விடாமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருப்போம். ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லணும், டாக்டர்கிட்ட போகணும். வேற யாருக்குச் சொல்லணும்கிறதை நீ முடிவு பண்ணு" என்றேன்.

அன்றிரவு என் கணவர் செய்த காரியத்தை டெல்டாவில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். மாட்டுக்கொட்டகையில் இருந்த பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் எடுத்துப்போய், பம்புசெட் அறையில் பூட்டிச் சாவியைப் பெரியப்பா வீட்டில் கொடுத்துவிட்டார். அப்பாயியின் மாத்திரைகளை நான் பூட்டுப் பெட்டிக்கு மாற்றினேன். இந்த வயதில் விபரீத முடிவு பல நேரம் ஒரு சில நிமிட வேகத்தில் நடப்பது. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பெரும்பாலும் வேகம் தணிந்துவிடும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. எங்கள் ஊர் வீடுகளில் அது இன்னமும் விதைநெல் மூட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இல்லாவிட்டாலும் பூட்டி வையுங்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனோம். மருத்துவர் முதலில் அவனிடம் தனியாகப் பேசினார், பிறகு எங்களிடம். ரத்தச்சோகையும் தைராய்டுக் குறைவும் இதே மாதிரிச் சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டும் சரியாக இருந்தன. நடுத்தர அளவு மனச்சோர்வு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உளவியலாளரிடம் தொடர்ந்து வரட்டும், குறையவில்லை என்றால் மாத்திரை பற்றிப் பேசலாம் என்றார். மாத்திரை தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரங்களில் கவனித்துக்கொள்ள வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். நேரில் போக முடியாதவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்பாயி கண் பட்டுவிட்டது என்று திருநீறு மந்திரித்துப் பூசினார். அவன் மறுக்காமல் உட்கார்ந்திருந்தான். அதை யாரும் தடுக்கவில்லை.

உளவியலாளர் கொடுத்த வேலை மிகச் சின்னது. தினமும் முன்பு பிடித்திருந்த ஏதாவது ஒன்றை, இப்போது பிடிக்காவிட்டாலும், இருபது நிமிடம் செய்ய வேண்டும். மனசு சரியானால் விளையாடப் போகலாம் என்று காத்திருந்தால் மனசு சரியாவதே இல்லை, போன பிறகுதான் மனசு கொஞ்சம் அசைகிறது என்று அவர் விளக்கினார். எதைச் செய்வது என்று பட்டியல் போட்டது அவன். சைக்கிளில் படித்துறை வரை போய் வருவது, கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுவது, ஒரே ஒரு ஆட்டம் கேரம். செய்தானா என்று நாங்கள் கேட்கக்கூடாது, அதை அவரிடம் அவனே சொல்லிக்கொள்வான். எனக்கு அது பெரிய உதவி. கண்காணிக்கிற வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டதால் நான் அம்மாவாக மட்டும் இருக்க முடிந்தது.

படிப்பு விஷயத்தில் ஒருநாள் வண்டியில் கேட்டேன்: "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டுக்கிட்டா போதுமா?" இந்தக் கேள்வியை எந்த வீட்டிலும் பயன்படுத்தலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழ் மீடியம் புக் வாங்கித் தாம்மா" என்றான். பள்ளியை மாற்றலாம், வேறு டியூஷன் வைக்கலாம், பிரிவை மாற்றலாம் என்று நானும் அவன் அப்பாவும் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மாநிலப் பாடநூல் இரண்டு வழியிலும் ஒரே பாடம்தான். முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில் படித்தான். விசையின் திருப்புத்திறன் என்று தமிழில் தெரிந்த பிறகு டார்க் என்ற சொல் பயமுறுத்தவில்லை என்றான். அரையாண்டில் மார்க் அப்படியொன்றும் ஏறவில்லை. ஆனால் மூன்று மணிக்கு எழுவது நின்றுவிட்டது, கூடத்தில் வந்து சாப்பிட்டான்.

இப்போதும் மோசமான நாட்கள் வருகின்றன. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பேசப் பிடிக்காத நாளில் "இன்னிக்கு வேணாம்மா" என்பான், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அது மூன்று நாள் தொடர்ந்தால் நாலாம் நாள் நான் கேட்பேன், அவன் பதில் சொல்ல வேண்டும். கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டுத்தான் போவோம், ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அவனுக்குப் பிடிக்கவில்லை. மருத்துவர் வேண்டாம் என்கிறவரை இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டான், ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டோம்.

பொங்கலுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும்போது யாருக்கு என்ன சொல்வது என்று அவனையே கேட்டோம். "மாமாகிட்ட சொல்லிக்கங்க. அத்தைகிட்ட வேணாம், ஊரெல்லாம் தெரிஞ்சிரும்" என்றான். அப்படியே செய்தோம். மாட்டுப்பொங்கல் அன்று மாமா அவனைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு மாடு குளிப்பாட்டப் போனார், இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிளஸ் டூவை அதே பள்ளியில் தொடர்வதா, பழைய பள்ளிக்கே திரும்புவதா என்பது அடுத்த கேள்வி. இரண்டு இடத்திலும் வேன் நேரம், கட்டணம், வகுப்பில் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவன் மேஜையில் வைத்திருக்கிறேன். தமிழ் வழிக்கு மாறினால் எதை எதை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று அவனுடைய பழைய ஆசிரியரிடம் அவனே போய்க் கேட்டு வந்திருக்கிறான். இன்னும் முடிவு சொல்லவில்லை, மே மாதம் வரை நேரம் இருக்கிறது.